மெதுவா அண்ணனும் பாதி விலைக் கரண்டும்

எங்கள் காம்பவுண்டில் யார் அவசரமாகப் படியிறங்கினாலும் "மெதுவா, மெதுவா" என்று ஒரு குரல் வரும். பால் பொங்கினாலும் அவருக்கு மெதுவாதான், மழை வந்து துணி நனைந்தாலும் மெதுவாதான். அதனால் எல்லோருக்கும் அவர் மெதுவா அண்ணன். ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் வேலை. பெரிய கேட், இருட்டான லாரி வரிசை, மணிக்கொரு தடவை கிடங்கைச் சுற்றி வர வேண்டும். உட்கார்ந்திருப்பதை சூப்பர்வைசர் கேமராவில் பார்த்துவிட்டால் அடுத்த வாரம் வேறு ஆள். அதைக்கூட அவர் மெதுவாகத்தான் சொல்வார்.

அவருடைய மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். விடிந்தும் விடியாமலும் வீடு வீடாகப் போய், சாப்பிடாமல் காத்திருக்கும் மனிதர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் ரிப்போர்ட் கொடுக்கும் வேலை. நாலு மணிக்குத் திரும்பி வரும்போது அவளுடைய முகத்தில்தான் ரத்தம் இருக்காது.

நான் முன் அறையில் இஸ்திரி போடுகிறவள். காலை எட்டு மணிக்கு மேசையைப் போட்டால் இருட்டும் வரை என் வலது கை ஓயாது. என் கணவர் செத்த பிறகு இந்தப் பெட்டிதான் எனக்குச் சோறு போடுகிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். நாள் பூராவும் சூட்டுக்கு முன்னால் நின்று பாருங்கள், உங்கள் வாயும் நீளும்.

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு மின்சார ஸ்கூட்டர். ஒரே செருப்பை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுவது மாதிரி அதை ஓட்டினார்கள். விடியற்காலை அவர் கிடங்கிலிருந்து வந்து இறங்குவார், அவள் ஹெல்மெட்டை அவர் தலையிலிருந்து கழற்றித் தன் தலையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். நாலு மணிக்கு அவள் வந்ததும் சார்ஜரைச் சொருகுவாள். ஒன்பது மணிக்குள் சிவப்பு விளக்கு பச்சையாகும், அவர் கிளம்புவார். தம்பதி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே ஹெல்மெட் கைமாறும்போதும் சார்ஜ் ஏறும்போதும்தான். ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று யூனிட் குடிக்கும் அந்த வண்டி.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து வாசல் சுவரில் இருந்த பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். இனிமேல் இரண்டு விலை என்றார்கள். பகலில் ஒரு யூனிட் பத்து என்றால், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஐந்து. புது மீட்டரின் சின்னத் திரையில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறி வரும்: பகல் யூனிட், ராத்திரி யூனிட், மொத்தம்.

மெதுவா அண்ணன் அன்றைக்கு அந்தத் திரைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். என் மேசையிலிருந்து பார்த்தால் வாசல் நன்றாகத் தெரியும்.

"என்ன அண்ணே, சினிமாவா ஓடுது?" என்றேன்.

"தங்கச்சி, நாங்க வண்டிக்கு நாலு மணிக்குப் போடுறோம். அது முழு விலை. ராத்திரி போட்டா பாதி."

"ராத்திரி வண்டிதான் உங்க கிடங்குல நிக்குதே! அங்கே ஒரு பிளக் கேளுங்க."

"போன் சார்ஜ் போட்டதுக்கே ஒருத்தனைத் திட்டினாங்க" என்றார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் தன் மனைவியிடம் சொன்ன செய்தி எனக்கும் வந்து சேர்ந்தது. கிடங்கில் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் பைக்கில் வருகிறாராம். கிடங்கில் கொடுக்கிற இலவச பாஸில் பஸ் ஏறி நாற்சந்தியில் இறங்கினால் அவர் ஏற்றிக்கொண்டு போவாராம், காலையில் அதே மாதிரி கொண்டுவந்து விடுவாராம். ஆகவே ஸ்கூட்டர் இனி ராத்திரி வீட்டில் நிற்கட்டும், பாதி விலைக் கரண்டைக் குடிக்கட்டும். அவளுக்கும் அது வசதியாகப் போயிற்று. அவர் ஓட்டாததால் மிச்சமான சார்ஜை வைத்து, யாரும் போக விரும்பாத தூரத்து வட்டாரம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். வண்டி குடித்தது முன்பு குடித்த அதே அளவுதான். குடிக்கிற நேரம் மட்டும் மாறியது.

அவர் ஒரு டைமர் பிளக் வாங்கி வந்தார். வட்டமான முகம், சுற்றி இருபத்து நாலு மணி நேரம், சின்னச் சின்னப் பற்கள். பத்திலிருந்து ஆறு வரை உள்ள பற்களை அழுத்திவிட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் கரண்ட் போகும். அவள் நாலு மணிக்கே சொருகிவிட்டாலும் பத்து வரை வண்டி சும்மா நிற்கும். ஊரில் கரண்ட் கட் ஆனால் டைமரும் நின்றுவிடும், நின்ற நேரத்துக்குப் பின்தங்கிவிடும். அதனால் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதன் வட்டத்தைத் திருகிச் சரிசெய்துவிட்டுத்தான் போவார். கைக்குழந்தைக்குப் போர்த்திவிட்டுப் போகிறவர் மாதிரி இருக்கும்.

எனக்குச் சந்தேகம் வந்தது துணியால்தான். அவருடைய காவல் உடுப்பை நான்தான் இஸ்திரி போடுவேன். ஒரு மனிதன் எப்படி வாழ்கிறான் என்பதை அவன் பேன்ட் எனக்குச் சொல்லிவிடும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவனுக்கு முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு விழும், பின்பக்கம் பளபளக்கும். மெதுவா அண்ணனுடைய பேன்ட்டிலோ கீழ் விளிம்பு நூல் நூலாகப் பிரிந்திருந்தது. எத்தனை துவைத்தாலும் போகாத வெள்ளைப் புழுதி விளிம்புத் தையலுக்குள் அடைந்திருந்தது. அது கிடங்குச் சாலையில் சிமென்ட் லாரிகள் கொட்டிக்கொண்டு போகும் புழுதி.

"அண்ணே, உங்க பைக்காரர் உங்களைத் தரையில இழுத்துக்கிட்டுப் போறாரா?" என்று பேன்ட்டை விரித்துக் காட்டினேன்.

 அவர் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நாற்சந்தியிலேருந்து முக்கால் மணி நேரம்தான். அவகிட்ட சொல்லிடாதே."

"போறப்ப முக்கால், வர்றப்ப முக்கால். நடுவுல ராத்திரி பூரா கிடங்கைச் சுத்தி நடை. உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"கத்தாதே. மெதுவா."

"பைக்காரர்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா?"

"இருந்தார். ஒரு வாரம் ஏத்திக்கிட்டார். அப்புறம் பகல் ஷிப்டுக்கு மாறிட்டார்." அவர் பேன்ட்டை மடித்து எடுத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா நான் வீட்டுக்குன்னு தனியா ஒண்ணும் செஞ்சதில்லை தங்கச்சி. அவ தூரத்து வீடெல்லாம் ஏத்துக்கிட்டா. நான் இதையாவது செய்றேனே."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

வாடகை வாங்கும் எங்கள் வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். ரிட்டயர்டு மனுஷர். திருடர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கரண்ட் ஆபீஸ் மீட்டர் வாசலில் ஒன்றுதான். அது போக ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு சின்ன சப் மீட்டர் வைத்திருந்தார். மாசம் பிறந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, அவரவர் பங்கை வாசலில் நின்று சொல்வார். நாங்கள் கொடுப்போம். எப்படிப் பங்கு போடுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் விளக்க ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்தான்.

வண்டி ராத்திரிக்கு மாறிய முதல் மாசம், மெதுவா அண்ணனுடைய பங்கு கொஞ்சம்போலக் குறைந்தது. அவர் எதிர்பார்த்ததில் கால் பங்குகூட இல்லை. "பழைய கணக்கு கலந்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த மாசமும் அப்படியே. டைமர் ஏமாற்றுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். விடுமுறை நாளன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பத்து மணிக்குச் சரியாக 'டிக்' என்றது, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. தப்பு அதில் இல்லை. பிறகு வண்டியைச் சந்தேகப்பட்டார், சார்ஜரைச் சந்தேகப்பட்டார். கடைசியில் தன் மேலேயே சந்தேகப்பட்டார். விசிறி அதிகம் போடுகிறோமோ என்று பகலில் வியர்வையோடு தூங்கினார்.

இதே மாசங்களில் என் பங்கும் குறைந்தது. நான் அதற்கு என்னையே மெச்சிக்கொண்டேன். கடைசி மூன்று சட்டைகளைப் பெட்டியை அணைத்துவிட்டு மிச்சச் சூட்டிலேயே தேய்க்கிறேன் அல்லவா, அந்தச் சாமர்த்தியம்தான் என்று காம்பவுண்டு பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "கத்துக்குங்க" என்று மெதுவா அண்ணனிடமே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

மூன்றாவது மாசம் அவருக்குக் கால் வீங்கியது. கணுக்காலுக்கு மேல் நரம்பு புடைத்து, ஷூ வாரைப் போட முடியவில்லை. கேட் அருகில் நொண்டியதைப் பார்த்த சூப்பர்வைசர், "நடக்க முடியலைன்னா சொல்லிடுங்க, வெளியே ஆள் நிக்குது" என்றாராம். மனைவியிடம் படியில் சறுக்கிவிட்டதாகச் சொன்னார். அவள் நாள் பூராவும் மற்றவர்களுடைய நரம்பைத் தேடுகிறவள். அந்தக் காலைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் களைப்பு இருக்கிறதே, அது கண்ணையும் மூடிவிடும். தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் பங்கு சொல்ல இறங்கி வந்தார். எனக்கு மறுபடியும் குறைந்திருந்தது. மெதுவா அண்ணனுக்கு அதே பழைய கதை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பணத்தை எண்ணினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? வண்டி ராத்திரிதானே கரண்டு குடிக்குது? பாதி விலைதானே? அது ஏன் இவங்க பங்குல தெரியலை?"

வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள்! கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"என் சப் மீட்டருக்கு நேரம் தெரியாதும்மா. எத்தனை யூனிட்டுனு மட்டும்தான் சொல்லும். எப்போ எரிஞ்சதுன்னு சொல்லாது. அதனால நான் என்ன பண்றேன், மொத்த பில் தொகையை மொத்த யூனிட்டால வகுத்துடுறேன். வர்ற விலை எல்லாருக்கும் ஒண்ணு. யாருக்கும் பாரபட்சம் கிடையாது. ராத்திரி யூனிட் கூடினா மொத்த பில் குறையும், எல்லாருக்குமே கொஞ்சம் குறையும். இப்ப குறைஞ்சிருக்கே, பாத்தீங்கல்ல?"

அவர் பெருமையாகத்தான் சொன்னார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இந்த வீட்டில் வீட்டுக்காரருக்கு அடுத்தபடி அதிகம் கரண்ட் எரிக்கிறவள் நான். அதிகம் எரிக்கிறவருக்கு அதிகம் குறையும். அந்த மனுஷன் புழுதியில் நடந்த நடையில் வீட்டுக்காரருக்குக் கிடைத்த மிச்சம் அதிகம், எனக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைத்ததைவிட ஒரு படி மேல். என் மிச்சச் சூட்டுச் சாமர்த்தியம்! வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மெதுவா அண்ணன் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ... நான் நடந்தது?" என்றார்.

"எங்கே நடந்தீங்க?" என்று கேட்டது அவருடைய மனைவி. தைலப் புட்டியோடு கதவருகில் நின்றிருந்தாள்.

அதற்கு மேல் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? எல்லாவற்றையும் சொன்னேன். பைக்காரர், நாற்சந்தி, பேன்ட் விளிம்பு, ஒன்றையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கீழே உட்கார்ந்து அவருடைய பேன்ட் விளிம்பை மட்டும் மடித்துவிட்டாள்.

வீட்டுக்காரர் திகைத்துப்போனார். நல்ல மனுஷர்தான், சோம்பேறி, அவ்வளவுதான். மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வண்டி பிளக்குக்கென்று தனியாக ஒரு சப் மீட்டர் வைத்தார். டைமர் வழியாகத்தான் அந்த பிளக்குக்குக் கரண்ட் போகிறது, டைமர் பத்திலிருந்து ஆறு வரைதான் திறக்கிறது. ஆகவே அந்த மீட்டரில் ஓடுவதெல்லாம் ராத்திரி யூனிட். அதை ராத்திரி விலையில் பெருக்கி அவர்கள் பங்கில் சேர்த்துவிட்டு, பாக்கி பில்லைப் பாக்கி யூனிட்டால் வகுப்பது என்று முடிவாயிற்று.

"உங்களுக்கெல்லாம் பழையபடி ஏறும்மா" என்று என்னிடம் சொன்னார்.

"ஏறட்டும் சார். இன்னொருத்தர் கால்ல நான் இஸ்திரி போட வேணாம்."

அடுத்த மாசம் பிறந்ததும் முதன்முதலாக மெதுவா அண்ணனுக்கு முழு மிச்சமும் கிடைத்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. பணத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், மாசத்து நாட்களால் வகுத்தாள். அவளுக்கு அதற்குப் பேப்பர் வேண்டாம்.

"ஒரு ராத்திரிக்கு ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்" என்றாள்.

"இருக்கட்டுமே. இப்பதான் நிஜமா மிச்சம் ஆகுது. இதுக்கு முன்னாடி நடந்ததுதான் வீண். இப்ப போய் நிறுத்துவாங்களா?"

"கால் வீக்கம்?"

"மெதுவா நடந்தா சரியாப் போயிடும்."

அவள் பணத்தை மடித்து உள்ளே கொண்டுபோனாள். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. கணக்கு சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! வீணாக நடந்தபோதாவது நிறுத்த ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

மறுநாள் நாலு மணிக்கு அவள் வந்தாள். வந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. தூரத்து வட்டாரத்தை அன்றைக்குக் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் போகிற போக்கில் என்னிடம் சொன்னாள். மாடிப்படி ஏறி வீட்டுக்காரரிடம், "வண்டி மீட்டரை இனிமே பகல் விலைக்கே போட்டுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். டைமரைப் பிடுங்கி என் மேசையின் மேல் வைத்தாள். சார்ஜரை நேராகச் சுவரில் சொருகினாள். சிவப்பு விளக்கு பட்டப்பகலில் எரிந்தது.

இருட்டத் தொடங்கும்போது மெதுவா அண்ணன் உடுப்போடு வெளியே வந்தார். கையில் சாப்பாட்டுப் பை. நடந்து போகிறவருக்கு சீக்கிரம் கிளம்ப வேண்டுமே. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவர் கை தானாக சுவிட்சுக்குப் போனது. இத்தனை மாசப் பழக்கம்.

"முழு விலை ஓடுது! என்ன பண்றே?"

"கையை எடுங்க."

"பாதி விலைக்குக் கிடைக்குறதை..."

"உங்க காலுக்கு ராத்திரி ரேட்டு, பகல் ரேட்டுன்னு ஏதாவது இருக்கா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "எனக்கு முடியலைங்க. ஊரெல்லாம் நரம்பு தேடிட்டு வந்து, வீட்டுலயும் உங்க நரம்பையே பாத்துக்கிட்டு உக்கார முடியலை. இது ஏறட்டும். இதுல போங்க, இதுல வாங்க. ஒன்பது மணி வரைக்கும் இங்கே உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் யாரோ ஒருவரின் சட்டைக் காலரை மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். கால்களை நீட்டினார். ஷூ வாரைத் தளர்த்தினார். கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு யூனிட்டும் போவதை அவர் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு தலை சுவரில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் இருந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

மாடியிலிருந்து யாரோ தடதடவென்று இறங்கினார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "மெதுவா" என்று அவள்தான் சொன்னாள்.